நைட் டியூட்டிக்கு நடுவில் யப்பான் மொழி: ஒரு கிழமைத் திட்டம்

கேள்வி

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளர் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். வயது 27, கலியாணம் முடித்து இரண்டு வருடம். யப்பானுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போக விரும்பி ஐந்து மாதமாக மொழி படிக்கிறேன். வகுப்பு ஞாயிறு காலை 9 மணிக்கு. ஹிரகானா, கதகானா என்ற இரண்டு கானா எழுத்தும் முடித்து எட்டுப் பாடம் போயிருக்கிறது. ஒவ்வொரு நாளும் இரவு 7.30 இலிருந்து 9.30 வரை படிப்பதென்று அட்டவணை போட்டேன். மூன்று தரம் போட்டு மூன்று தரமும் குழம்பிவிட்டது. திங்கள், செவ்வாய் காலை டியூட்டி (7–1), புதன், வியாழன் பின்னேரம் (1–7), வெள்ளி, சனி இரவு (7–7). சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலக் கருத்தையும் எழுதிப் பாடமாக்குகிறேன். நைட் முடிந்து ஸ்கூட்டியில் வரும்போதுகூட இயர்போனில் கேட்கிறேன். ஒன்றும் நிற்குதில்லை. நாலு மாதத்தில் சோதனை எடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? முகவர் "என்5 போதும், மிச்சத்தை நாங்கள் பார்ப்போம், காணி உறுதியைப் பிணையாக வையுங்கள்" என்கிறார். ஒரு வருடத்தில் கணவரையும் கூப்பிடலாமாம். எனக்கு ஏற்ற ஒரு கிழமைத் திட்டம் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், சுன்னாகம்

பதில்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் டியூட்டிப் பட்டியலையும் படிப்பு அட்டவணையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரவு 7.30 மணிக்குக் கிழமையில் எத்தனை நாள் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்? புதனும் வியாழனும் அந்த நேரத்தில் கே.கே.எஸ். வீதியில் வந்துகொண்டிருப்பீர்கள். வெள்ளியும் சனியும் வார்டில் நிற்பீர்கள். மிஞ்சுவது திங்கள், செவ்வாய், ஞாயிறு மூன்று நாள்தான். ஞாயிறு இரவு நீங்கள் இரண்டு நைட் முடித்துக் களைத்துப்போயிருக்கும் இரவு. ஆக, ஏழு நாளுக்குப் போட்ட அட்டவணை உண்மையில் இரண்டு நாளுக்குத்தான் பொருந்துகிறது. அது மூன்று தரம் குழம்பியதற்கு உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வகுப்பு நேரம். சனி இரவு டியூட்டி ஞாயிறு விடிய 7 மணிக்கு முடிகிறது. 9 மணிக்கு வகுப்பில் இருக்கிறீர்கள். சனி பின்னேரம் எழும்பியதிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினெட்டு, இருபது மணித்தியாலம் கண் மூடாமல் புதுப் பாடம் கேட்கிறீர்கள். புதிதாகக் கேட்டது மனதில் பதிவதற்கு, கேட்கும்போது விழிப்பும் வேண்டும், கேட்டபின் வரும் நித்திரையும் வேண்டும். உங்களுக்கு முதலாவது கிடைக்கவில்லை. வகுப்பு முடிந்து வெயில் ஏறியபின் வீட்டில் படுப்பதால் இரண்டாவதும் அரைகுறையாகப் போகிறது. ஐந்து மாதத்தில் ஏறத்தாழ 60 மணித்தியாலம் வகுப்பில் இருந்திருப்பீர்கள். அதை நான் 40 ஆகத்தான் கணக்கெடுப்பேன்.

ஆகவே முதல் வேலை, ரீச்சரிடம் போய்த் திங்கட்கிழமை பின்னேரம் ஏதாவது குழு இருக்கிறதா என்று கேட்பது. இல்லையென்றால் ஞாயிறு வகுப்பை யாரையாவது போனில் பதிவுசெய்து தரச் சொல்லித் திங்கள் பின்னேரம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒன்றரை மணித்தியாலத்துக்குத் தனி வகுப்பு எடுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் கீழே சொல்லும் எதையும் தொடங்க வேண்டாம்.

எந்தச் சோதனைக்கு, எவ்வளவு நேரம்

பராமரிப்பு வேலைக்கு இப்போது பலர் போவது 2019 ஏப்ரலில் யப்பான் தொடங்கிய 'குறித்த திறன்' வீசாவில். அதற்கு மொழிப்பக்கத்தில் ஜே.எஃப்.ரி. பேசிக் சோதனையிலோ என்4 சோதனையிலோ சித்தியடைய வேண்டும். அதோடு பராமரிப்புத் திறன் சோதனையும், பராமரிப்பு யப்பான் மொழிச் சோதனையும் உண்டு. கடைசியில் சொன்னது சின்னது, 15 கேள்விதான். முகவர் சொல்லும் என்5, என்4 ஐவிட ஒரு தரம் கீழே, இதற்குப் போதாது. வேறு வகை வீசாவை மனதில் வைத்துச் சொல்கிறார் என்றால் அது எந்த வீசா என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஜே.எஃப்.ரி. கணினியில் எழுதுவது, ஒரு மணித்தியாலம். எழுத்தும் சொல்லும், உரையாடல், கேட்டல், வாசித்தல் என்று நாலு பகுதி, 250 புள்ளியில் 200 எடுத்தால் சித்தி. என்4 குறித்த திகதியில் மட்டும் நடக்கும், அன்றைக்கு உங்களுக்கு நைட் விழுந்தால் லீவுக்குக் கெஞ்ச வேண்டும். ஜே.எஃப்.ரி.க்கு நீங்களே நாள் தெரியலாம். டியூட்டி மாறி மாறி வருகிறவர்களுக்கு இந்தக் காரணத்துக்காகவே நான் ஜே.எஃப்.ரி.யைத்தான் சொல்வேன்.

நேரம் எவ்வளவு? என்4 க்குச் சமமான பழைய மூன்றாம் தரச் சோதனைக்கு 300 மணித்தியாலப் படிப்பு, 1,500 சொல், சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்து 300 என்று கணக்கு வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அது நல்ல அளவுகோல். உங்களுடைய 40 ஐக் கழித்தால் 260 மிச்சம். இந்த டியூட்டியோடு நீங்கள் உண்மையாகப் படிக்கக்கூடியது கிழமைக்கு 7 மணித்தியாலம். 260 ஐ 7 ஆல் பிரித்தால் 37 கிழமை வரும். நல்லூர்த் திருவிழா, வருத்தம், ஆள் குறைந்து டபிள் டியூட்டி விழும் நாட்கள் எல்லாம் சேர்த்தால் பத்து மாதம். நாலு மாதம் என்பதை இப்போதே விட்டுவிடுங்கள். நாலு மாதத்துக்கு என்று ஓடினால் சோதனைக் காசும் போகும், கொழும்புப் பயணக் காசும் போகும், உங்களில் உங்களுக்கிருக்கும் நம்பிக்கையும் போகும்.

கிழமைத் திட்டம்

இதில் ஒரே ஒரு விதி. கிழமை நாளைப் பார்த்துப் படிக்க வேண்டாம், டியூட்டியைப் பார்த்துப் படியுங்கள். யாராவது டியூட்டி மாற்றிக் கேட்டால் அன்றைய படிப்பும் டியூட்டியோடு சேர்ந்து மாறும். காலை டியூட்டிக்கு ஒரு படிப்பு, பின்னேர டியூட்டிக்கு ஒரு படிப்பு, நைட்டுக்கு ஒரு படிப்பு. கொப்பியில் 'திங்கள்' என்று எழுதாமல் 'காலை 1', 'காலை 2' என்று எழுதுங்கள்.

காலை 1, அதாவது இப்போதைய திங்கள்: 1 மணிக்கு முடித்து, வீடு வந்து சாப்பிட்டு, அரை மணித்தியாலம் கண்ணயருங்கள். மத்தியான நித்திரையை அதற்கு மேல் நீட்ட வேண்டாம். 5 இலிருந்து 6.30 வரை புதுப் பாடம். கிழமை முழுவதற்கும் புதுப் பாடம் இது ஒன்றுதான். பாடப் புத்தகம் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். போனில் `irodori` என்று தட்டினால் ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் பாடங்களும் ஒலிப்பதிவுகளும் வரும். அவை வேலைக்காகப் போகிறவர்களுக்கென்றே செய்தவை, ஜே.எஃப்.ரி.யோடும் ஒத்துப்போகும்.

காலை 2, செவ்வாய்: 6.30 இலிருந்து 8 வரை. நேற்றுப் படித்த இலக்கணத்தில் உங்கள் வார்டைப் பற்றிப் பத்து வசனம் நீங்களாக எழுதுங்கள். எழுதிய பத்தையும் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். புது இலக்கணம் ஒன்றும் படிக்க வேண்டாம்.

பின்னேர டியூட்டி நாட்கள், புதனும் வியாழனும்: இந்த இரண்டு நாளும் உங்களுடைய 'பின்னேரம்' காலை 9 மணிக்கு வருகிறது. 9 இலிருந்து 10 வரை படித்துவிட்டு வேலைக்குப் போங்கள். புதன் கஞ்சியும் வாசிப்பும், வியாழன் கேட்டல். கேட்டல் என்றால் பின்னணியில் ஓடவிடுவதில்லை. ஐந்து வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கானா எழுத்தில் எழுத வேண்டும், பிறகு விடையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இரவு வீடு வந்தபின் புத்தகத்தைத் தொட வேண்டாம்.

நைட் நாட்கள், வெள்ளியும் சனியும்: பின்னேரம் 5 இலிருந்து 5.30 வரை பழைய சொல் மட்டைகள் மட்டும். புதுச்சொல் ஒன்றுகூட வேண்டாம். விடிய 4 மணிக்கு வார்டில் குடிக்கும் தேத்தண்ணியை 1 மணிக்கு முன்னால் குடித்து முடியுங்கள். 8 மணிக்குப் படுத்தும் கண் கொட்டக்கொட்ட விழித்திருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தத் தேத்தண்ணிதான்.

நைட் முடிந்த நாள், ஞாயிறு: மத்தியானம் 12.30 வரை நித்திரை, அதற்கு மேல் படுத்தால் இரவு நித்திரை வராது. பின்னேரம் 5 இலிருந்து 6 வரை கிழமைச் சோதனை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மொத்தம் 7 மணித்தியாலம். டபிள் டியூட்டி விழுந்த நாளின் படிப்பை வெட்டிவிடுங்கள். அதைப் பிறகு ஈடுசெய்ய முயல வேண்டாம். கடனாக வைத்தால் இரண்டு கிழமையில் அது வளர்ந்து கொப்பியைத் திறக்கவே பயமாக இருக்கும். நான் படிப்பித்தவர்களில் அதிகம் பேர் படிப்பை விட்டது அந்த இடத்தில்தான்.

இயர்போன் விஷயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நைட் முடிந்து 7 மணிக்கு ஸ்கூட்டியில் வரும்போது உங்கள் மூளை பாதி நித்திரையில் இருக்கிறது. அந்த நேரத்தில் காதையும் மூடிக்கொண்டு பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் நடுவில் வருகிறீர்கள். அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு சொல்லும் மனதில் நிற்காது. இயலுமென்றால் நைட் நாட்களில் பஸ்ஸில் வாருங்கள்.

கொப்பியை மாற்றி எழுதுங்கள்

சொல்லைத் தமிழெழுத்திலும் கருத்தை ஆங்கிலத்திலும் எழுதுகிறீர்கள். இரண்டையும் தலைகீழாக்க வேண்டும். சொல் கானாவில், கருத்து தமிழில்.

ஏன் என்று ஒரு சொல்லில் காட்டுகிறேன். யப்பான் மொழியில் 'வா' என்பதற்கும் 'வெட்டு' என்பதற்கும் வேண்டுகோளில் வரும் வடிவங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிக்கும். 'வந்து' என்பதில் நடுத் தகரம் ஒற்றை. 'வெட்டி' என்பதில் அது இரட்டை, ஒரு நொடி நின்று வரும். தமிழில் 'கிதே' என்று எழுதினால் வாசிக்கும்போது தகரம் மெலிந்து வேறு ஒலியாகிவிடும். 'கித்தே' என்று எழுதினால் இரட்டையாகிவிடும். ஒற்றையாகவும் மெலியாமலும் வரும் அந்த நடு ஒலிக்குத் தமிழெழுத்தில் இடமே இல்லை. உங்கள் கொப்பியில் இரண்டு சொல்லும் 'கித்தே' என்றுதான் இருக்கும். அதையே பாடமாக்கினால் காதும் அப்படியே பழகிவிடும்.

யப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலை தொடங்கிய முதல் மாதம், ஒரு பாட்டி கட்டிலில் இருந்து 'கொஞ்சம் வாங்கோ' என்று கூப்பிட்டார். மேசையில் தோடம்பழம் இருந்தது. எனக்குக் 'கொஞ்சம் வெட்டுங்கோ' என்று கேட்டது. நான் கத்தி தேடிப்போய், பழத்தை வெட்டிக்கொண்டு வந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது கழிவறைக்குப் போகக் கைத்தாங்கல். நான் திரும்பி வருவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிரவே என் கொப்பியில் தமிழெழுத்தில் இருந்த எல்லாச் சொல்லையும் கானாவில் திருப்பி எழுதத் தொடங்கினேன்.

ககரத்திலும் இதே சிக்கல் உண்டு. சொல்லின் நடுவில் வரும் 'க' வைத் தமிழர் நாம் இயல்பாக மெலித்துச் சொல்வோம். யப்பான் மொழியில் மெலிந்த ககரமும் வலிந்த ககரமும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு சொல். கேட்டல் பகுதியில் உங்களுக்குப் புள்ளி போகிற இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வியாழக்கிழமை எழுதும் ஐந்து வசனத்தில் இந்தப் பிழைகளை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். நாலு கிழமையில் அவை குறைகிறதா என்று பாருங்கள்.

குறில், நெடிலில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. வேறு மொழிக்காரர் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் அது. நாங்கள் அரிவரியிலேயே படித்துவிட்டோம்.

இனிக் கருத்து. யப்பான் மொழி வசனம் தமிழ் வசனத்தைப்போல வினையில் முடியும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'ஒ' வந்தால் 'ஐ', 'நி' வந்தால் பெரும்பாலும் 'கு', 'கர' வந்தால் 'இலிருந்து', 'சொன்னார்' என்பதற்கு முன் 'தொ' வந்தால் 'என்று'. ஆங்கிலத்தில் இதை விளக்கப்போனால் ஒரு பக்கம் வேண்டும், வசனத்தையும் பின்பக்கமிருந்து முன்பக்கமாகப் புரட்ட வேண்டும். தமிழில் சொல்லுக்குச் சொல் அப்படியே வைக்கலாம்.

வினையெச்சம் இன்னும் அழகு. இங்கே வாசிப்பதற்காகத்தான் தமிழெழுத்தில் தருகிறேன், 'தபெத்தெ', 'ஒக்கு' இரண்டிலும் நடு ஒலி ஒற்றைதான். 'தபெத்தெ' என்றால் 'சாப்பிட்டு'. அதோடு 'மிரு', அதாவது 'பார்', சேர்ந்தால் 'சாப்பிட்டுப் பார்'. 'ஷிமவு' சேர்ந்தால் 'சாப்பிட்டுவிடு'. 'எழுதி' என்பதோடு 'ஒக்கு', அதாவது 'வை', சேர்ந்தால் 'எழுதி வை'. உங்கள் ஆங்கிலக் குறிப்பில் இந்த மூன்றுக்கும் மூன்று நீண்ட விதி இருக்கும். அந்தப் பக்கங்களை வெட்டிவிட்டுத் தமிழில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். மருந்துக்குக்கூட அவர்களும் எங்களைப்போலக் 'குடிக்கிறது' என்றுதான் சொல்வார்கள், குளிசையாக இருந்தாலும்.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. எழுவாயோடு வரும் 'வ', 'க' என்ற இரண்டுக்கும் தமிழில் நேரான உருபு இல்லை. தட்டையான பொருளை எண்ண ஒரு சொல், நீளமான பொருளை எண்ண இன்னொரு சொல் என்று வருவதற்கும் தமிழ் உதவாது. இந்த இரண்டையும் தனித் தாளில் உதாரணத்தோடு பாடமாக்கத்தான் வேண்டும்.

சொல் மட்டையும் கிழமைச் சோதனையும்

பிறிஸ்டல் போட்டைச் சின்னச் சின்ன மட்டைகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் கானா, மறுபக்கம் தமிழ். காலை டியூட்டி நாளும் பின்னேர டியூட்டி நாளும் பத்துப் பத்து, கிழமைக்கு 40 புதுச்சொல். உங்களிடம் இப்போது 300 சொல் இருக்கும் என்று நினைக்கிறேன். மிச்சம் 1,200 க்கு 30 கிழமை போகும். முன்னே சொன்ன 37 இல் 7 கிழமை மீட்டலுக்கு மிஞ்சும்.

மூன்று கடித உறை எடுங்கள். புதுமட்டை முதல் உறைக்குள். அதை ஒவ்வொரு நாளும் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து சரியாகச் சொன்ன மட்டை இரண்டாவது உறைக்குப் போகும், அதை நைட் நாட்களில் பாருங்கள். அங்கேயும் சரி என்றால் மூன்றாவதுக்கு, அது ஞாயிற்றுக்கு. எந்த உறையில் பிழைத்தாலும் மட்டை முதல் உறைக்குத் திரும்பும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது உறையிலிருந்து பார்க்காமல் 20 மட்டை எடுங்கள். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து யப்பான் சொல்லை வாயால் சொல்லுங்கள். 14 அல்லது அதற்கு மேல் சரியென்றால் அடுத்த கிழமையும் 40 சொல். 14 க்குக் கீழே போனால் அடுத்த கிழமை 20 சொல்தான். இரண்டு கிழமை தொடர்ந்து கீழே போனால் புதுப் பாடத்தை ஒரு கிழமை நிறுத்தி, அந்த நேரத்தில் பழைய பாடத்தின் ஒலிப்பதிவை ஒரு மணித்தியாலம் திரும்பக் கேளுங்கள். மிஞ்சும் அரை மணித்தியாலம் உங்களோடு படிக்கும் ஒருவரோடு போனில் கதையுங்கள். பிழை விட்டாலும் தமிழுக்கு மாறாமல் கதைக்க வேண்டும்.

கடைசி எட்டுக் கிழமை புதன் வாசிப்பைப் பராமரிப்புச் சொற்களுக்கு மாற்றுங்கள். அங்கே உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. கட்டிலில் ஆளைத் திருப்புவது, குளிப்பாட்டுவது, சாப்பாடு புரையேறாமல் ஊட்டுவது, படுக்கைப்புண் பார்ப்பது எல்லாம் நீங்கள் கையால் செய்கிற வேலை. வலப்பக்கம் திருப்பும்போது மனதுக்குள் 'மிகி', இடப்பக்கம் திருப்பும்போது 'ஹிதரி' என்று சொல்லுங்கள். கையோடு சேர்ந்து படித்த சொல் சோதனை மண்டபத்திலும் கையோடு வரும்.

வேலையை விடலாமா?

விட்டால் நாளுக்கு நாலு மணித்தியாலம், கிழமைக்கு 24 படிக்கலாம், பதினொரு கிழமையில் 260 முடியும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சித்தியடைந்தாலும் நாளைக்கே விமானம் ஏறப்போவதில்லை. மூன்று சோதனை முடிந்து, வேலை தருபவர் நேர்முகம் செய்து, ஒப்பந்தம், வீசா என்று மாதங்கள் போகும். அவ்வளவு நாளும் சம்பளம் இல்லாமல் இருக்க வேண்டும். காசு முடைப்பட்டால்தான் ஆட்கள் முகவர் நீட்டுகிற தாளில் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறார்கள்.

ஆகவே இப்போது விட வேண்டாம். வருட லீவைச் சேர்த்துவைத்துச் சோதனைக்கு முந்திய இரண்டு கிழமையில் எடுங்கள். அந்த இரண்டு கிழமையும் நைட் இல்லாமல் இருப்பதே பெரிய உதவி. ஆறாவது மாதம் முடிவில் ஞாயிற்றுச் சோதனையில் தொடர்ந்து 14 க்கு மேல் வந்து, நேரம் மட்டும் போதவில்லை என்று கண்டால் சம்பளமில்லா லீவைப் பற்றி யோசிக்கலாம்.

உறுதி, பிணை, கணவர்

காணி உறுதியைக் கொடுக்க வேண்டாம். இந்த வீசாவில் வேலைக்குப் போகிறவரிடம் பிணைப்பணம் பிடிப்பதையும், இடையில் விட்டால் தண்டப்பணம் என்று ஒப்பந்தம் போடுவதையும் யப்பானின் விதிகளே தடுக்கின்றன. கடவுச்சீட்டை வாங்கி வைத்திருக்கவும் கூடாது. இலங்கையில் ஆள் அனுப்பும் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். 1989 என்ற எண்ணுக்கு எடுத்து உரிம இலக்கத்தைச் சொல்லி, அது நடைமுறையில் இருக்கிறதா, இந்த யப்பான் வேலைக்கு அனுமதி பெற்றிருக்கிறாரா என்று இரண்டையும் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

கணவர் விஷயம் கஷ்டமானது, ஆனால் இப்போதே தெரிந்திருப்பது நல்லது. குறித்த திறன் வீசாவின் முதல் நிலையில் குடும்பத்தைக் கூட்டிச்செல்ல முடியாது. அந்த நிலையில் பொதுவாக மொத்தம் ஐந்து வருடம்வரை இருக்கலாம். அங்கே மூன்று வருடம் வேலை செய்து, யப்பானின் பராமரிப்புப் பணியாளர் தேசியச் சோதனையில் சித்தியடைந்தால் 'கைகோ' என்ற வேறு வீசாவுக்கு மாறலாம். அப்போது கணவரைக் கூப்பிட வழி உண்டு. அதாவது ஒரு வருடமில்லை, குறைந்தது மூன்று, நாலு வருடம். இதை அவரோடு இருந்து கதையுங்கள். யப்பானிலும் நைட் டியூட்டி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சோதனைக்குப் போகும் நாள்

ஜே.எஃப்.ரி. கொழும்பில் நடக்கும். இங்கிருந்து பலரும் இரவு பஸ் எடுத்து, விடிய இறங்கி, முகம் கழுவிவிட்டு மண்டபத்துக்குள் போகிறார்கள். ஐந்து மாதம் ஞாயிறு வகுப்பில் உங்களுக்கு நடந்தது அதே விதமாக அங்கும் நடக்கும். உரையாடல் பகுதிவரை தாங்கும், கேட்டலில் கண் சொருகும். நாள் தெரியும்போது பின்னேர டியூட்டி முடிந்து வரும் நாட்களாகப் பார்த்து, நைட் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை ரெயிலில் போய், தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கி நித்திரைகொள்ளுங்கள். அன்றிரவு முதல் உறையை மட்டும் கையில் எடுத்துப்போனால் போதும்.